டியூஷன் கட்டணம்: பிள்ளை வராத நாளுக்குக் காசு கழிக்க வேண்டுமா?

கேள்வி: வீட்டில் 8 பிள்ளைகளுக்கு ஒரு பேட்ச் எடுக்கிறேன். மணிக்கணக்கில் வாங்குவதா, பாடத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதா, மாதக் கட்டணமா? பிள்ளை வராத நாளுக்குக் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்:

பேட்ச் என்றால் மாதக் கட்டணம்தான். ஆனால் அந்தத் தொகையை வகுப்புக் கணக்கிலிருந்து போட்டு எடுங்கள். பக்கத்துத் தெருவில் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டு வைத்த தொகையாக இருந்தால், "ஏன் இவ்வளவு?" என்று ஒருவர் கேட்டதுமே உங்களிடம் பதில் இருக்காது. கழிவு கேட்பவர்களிடம் தடுமாறுவதும் அதனால்தான்.

தனியாக ஒரே பிள்ளைக்கு எடுப்பவர் மணிக்கணக்கில் வாங்கலாம். பிள்ளை வரவில்லையென்றால் அந்த ஒரு மணி நேரம் அவருடையது. பேட்ச்சில் அப்படி இல்லை. 8 பேரில் 3 பேர் வராவிட்டாலும் மற்ற 5 பேருக்காக நீங்கள் அங்கே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கழித்துக்கொடுத்தால் வேலை அப்படியே இருக்க, வருமானம் மட்டும் குறையும். அதோடு, வராதவருக்கு அடுத்த நாள் மறுபடி சொல்லிக்கொடுக்கும் வேலையும் சேரும்.

பாடத்துக்கு இவ்வளவு என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் தனி நேரம் இருந்தால்தான் சரிப்படும். ஒரே ஒன்றரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்கிற பேட்ச்சில், "கணக்கு மட்டும் போதும்" என்று சேர்ந்த பிள்ளை அறிவியல் வீட்டுப்பாடத்தையும் எடுத்து நீட்டும். அதைப் பார்க்க மாட்டேன் என்று எந்த டீச்சரால் சொல்ல முடியும்? அதனால் வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்பதற்கே விலை வையுங்கள்.

கணக்கு இப்படி. உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 240 என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண் ஓர் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊருக்குத் தகுந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள்). வகுப்பு ஒன்றரை மணி நேரம். தயாரிப்புக்கும் நோட்டுத் திருத்தவும் இன்னொரு மணி நேரம். ஆக ஒரு வகுப்புக்கு இரண்டரை மணி நேரம், 600. இதை 8 ஆல் வகுக்காதீர்கள், 6 ஆல் வகுங்கள். வருடம் முழுக்க 8 இடமும் நிரம்பியிருக்காது, நடுவில் இரண்டு பேர் நின்றாலும் உங்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும். அப்போது ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்புக்கு 100.

வருடத்தின் 52 வாரங்களில் பரீட்சை, விடுமுறை என்று 8 வாரம் போக 44 வாரம். வாரம் 3 வகுப்பு என்றால் 132 வகுப்பு. அதை 11 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 12 வகுப்பு, கட்டணம் 1200. நீண்ட விடுமுறை மாதத்துக்குக் கட்டணம் கிடையாது. ஒரு மாதத்தில் 13 வகுப்பு வரும், பரீட்சை மாதத்தில் 9 தான் வரும், கட்டணம் மாறாது. இதைச் சேரும்போதே எழுதி அனுப்பிவிட்டால், "இந்த மாசம் லீவு நிறைய வந்துச்சே" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

இனி வராத நாள். இதில் நான் கறாராக இருப்பேன், ஆனால் இரண்டு பக்கமும் கறார். பிள்ளை வராவிட்டால் கழிவு இல்லை. நான் எடுக்காவிட்டால் அந்த வகுப்பை ஈடுகட்ட வேண்டும், முடியாவிட்டால் கேட்காமலே கழிக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பேன்.

ஒரு மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து 2 வகுப்பு நின்றுபோனது. ஒன்றை ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன், மற்றொன்றுக்கு நாள் கிடைக்கவில்லை. அதே மாதம் ஒரு பையன் 4 வகுப்புக்கு வரவில்லை. அவன் அம்மா, "4 நாள் வரலையே மிஸ், 400 கழிச்சுக்கோங்க" என்றார். பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். நான் எடுக்காத ஒரு வகுப்புக்கு 100 கழித்து 1100 வாங்கினேன். அந்த 100 அவருக்கு மட்டும் இல்லை, பேட்ச்சில் எல்லோருக்கும் கழித்தேன். ஒருவருக்குக் கழித்து மற்றவருக்கு விட்டால் அடுத்த நாளே வாசலில் பேச்சாகிவிடும்.

அந்த 400-ஐ நான் கழிக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் ஒன்று தெரிந்தது: பையன் வராத 4 நாளும் வியாழக்கிழமை. உடம்பு சரியில்லாத பிள்ளை கிழமை பார்த்து விடுப்பு எடுக்காது. கேட்டால், வியாழன்தோறும் பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி. என் இன்னொரு பேட்ச் வெள்ளிக்கிழமை நடக்கிறது, அந்த ஒரு வகுப்புக்கு அங்கே உட்காரச் சொன்னேன். அதோடு பிரச்சினை தீர்ந்தது. 400 கழித்திருந்தால் அவன் வியாழன் பாடத்தை வருடம் முழுக்க விட்டிருப்பான்.

நீண்ட நாள் வராமல் இருப்பது வேறு கதை. மருத்துவமனை, குடும்பத்தில் ஒரு துக்கம் என்று தொடர்ந்து 6 வகுப்புக்கு மேல் போனால், போனதிலிருந்து திரும்பும்வரை பாதிக் கட்டணம் மட்டும் வாங்குவேன். முழுதும் தள்ளுபடி செய்தால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாமே என்று மனது அரிக்கும். முழுதும் வாங்கவோ மனசாட்சி இடம் தராது.

"படிப்பைக் காசாக்குகிறீர்கள்" என்று பின்னூட்டம் எழுதப் போகிறவர்களுக்கு: வசதியில்லாத பிள்ளைக்கு நான் மாதக் கட்டணத்தையே குறைத்து வாங்குகிறேன், சில பேரிடம் வாங்குவதே இல்லை. சலுகை அங்கே இருக்கட்டும். வராத நாளில் சலுகை கொடுத்தால் அது கஷ்டப்படுகிறவருக்குப் போகாது, பேரம் பேசத் தெரிந்தவருக்குத்தான் போகும்.

இதையும் சொல்லியே ஆக வேண்டும். "வீட்ல இருந்துக்கிட்டேதானே மிஸ் எடுக்கிறீங்க, உங்களுக்கு என்ன செலவு?" என்று கேட்கிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. என் வீட்டு முன்னறை மாலை முழுதும் எங்களுடையதாக இருப்பதில்லை. விருந்தாளி வந்தால் உள்ளறையில் உட்காரவைக்கிறோம், என் மகள் தன் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போகிறாள். இரவு பத்து மணிக்கு வாட்ஸப்பில் கணக்கைப் படம் எடுத்து அனுப்பி, பதில் வரவில்லை என்றால் மறுநாள் வருத்தப்படுகிறார்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் இப்படிக் கேட்பார்களா?

கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் வாங்குங்கள். மாதக் கடைசியில் வாங்கினால், இறுதிப் பரீட்சை முடிந்ததும் சிலர் கடைசி மாதக் காசோடு காணாமல் போவார்கள். நடுவில் சேர்கிற பிள்ளைக்கு அந்த மாதத்தில் மீதமுள்ள வகுப்பு ஒவ்வொன்றுக்கும் 100 வாங்குங்கள். நிற்கிறவர்கள் இரண்டு வாரம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது உங்களிடம் படிக்கும் 8 பேருக்கும் நடுவருடத்தில் தொகையை மாற்றாதீர்கள். வராத நாள் விதியை மட்டும் அடுத்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள். புதுக் கட்டணம் அடுத்த கல்வியாண்டில் தொடங்கட்டும்.