தவணை முடிவு மீட்டல் பாடம்: விளையாட்டும் நடக்கவேண்டும், யாருக்கு என்ன விளங்கியது என்பதும் தெரியவேண்டும்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் தரம் 8க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். தவணைப் பரீட்சைக்கு முந்தின வாரம் மீட்டலுக்கு வினாவிடைப் போட்டி வைப்பது வழக்கம். வகுப்பே துள்ளும், பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம். ஆனால் விடை சொல்வது எப்போதும் அதே நாலைந்து பேர்தான். பரீட்சைத் தாளைத் திருத்தும்போது பார்த்தால் போட்டியில் கேட்ட கேள்வியையே பாதிப்பேர் பிழையாகச் செய்திருக்கிறார்கள். போட்டியை விட்டுவிட்டுப் பயிற்சித்தாள் கொடுத்தால் வகுப்பு தூங்குகிறது. என்ன செய்யலாம்?

ரீச்சர், போட்டியை விடவேண்டாம். ஒரு கேள்வியை வகுப்புக்குக் கேட்டு ஒரு பிள்ளை விடை சொன்னால் உங்களுக்குத் தெரியவருவது அந்த ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும்தான், மற்ற முப்பது பேரும் கைதட்டியதால் அவர்களுக்கும் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அதனால் மாற்றவேண்டியது, ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் தனியாக ஒரு விடையைப் பேனையால் எழுதியாகவேண்டும், அந்த விடைக்குப் புள்ளி இருக்கக்கூடாது, புள்ளி எல்லாம் அதற்குப் பிறகு வரும் குழு விளையாட்டுக்குத்தான். தனி விடைக்குப் புள்ளி இல்லாதபோது பக்கத்தில் எட்டிப் பார்த்து எழுதவேண்டிய தேவை பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கும் உண்மையான விடை கிடைக்கும்.

இதற்கு வேண்டியது ஏ4 தாளில் காற்பங்கு சீட்டு, ஆளுக்கு ஒன்று. மேலே பெயர், கீழே மூன்று நிரல்கள்: தனி, குழு, கடைசி. பென்சில் வேண்டாம், அழித்துவிடுவார்கள். வகுப்பை நாலு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவிலும் 1 முதல் 4 வரை இலக்கம் கொடுங்கள். கூட்டாளிகளாகச் சேரவிடாமல் நீங்களே கலந்து பிரிப்பது நல்லது, கெட்டிக்காரர் எல்லாரும் ஒரே குழுவில் போய் இருந்தால் மூன்றாம் கேள்வியோடு மற்றக் குழுக்கள் கைவிட்டுவிடும். 1, 2, 3, 4 என்று எழுதிய சீட்டுகளை ஒரு பேணிக்குள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி ஓடும் விதம் இதுதான். கரும்பலகையில் கேள்வியும் நாலு விடைகளும். ஒரு நிமிடம் யாரும் கதைக்கக்கூடாது, எல்லாரும் 'தனி' நிரலில் எழுதவேண்டும். பிறகு எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, எழுதிய விடையின் இலக்கத்தை நெஞ்சோடு சேர்த்து விரலால் காட்டவேண்டும். ஐந்து செக்கன் போதும், முழு வகுப்பும் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும். அடுத்த ஒரு நிமிடம் குழுவுக்குள் குசுகுசுத்து முடிவெடுத்து 'குழு' நிரலை நிரப்பவேண்டும். பிறகு பேணியிலிருந்து ஒரு சீட்டு. 3 வந்தால் எல்லாக் குழுவிலும் மூன்றாம் இலக்கப் பிள்ளை எழும்பி, "மூன்று, இரண்டு, ஒன்று" என்றதும் ஒரே நேரத்தில் விரலைத் தூக்கவேண்டும். சரியான விடைக்கு 1 புள்ளி. சரியாகச் சொன்னவர்களில் ஒருவரிடம் காரணம் கேளுங்கள், காரணம் சரியென்றால் இன்னும் 2. காரணத்துக்குக் கூடப் புள்ளி என்று தெரிந்துவிட்டால் குழுவுக்குள் "விடை 1, எழுது" என்பதோடு நிற்காது, யார் எழும்பவேண்டி வரும் என்று தெரியாததால் நாலு பேருக்கும் விளங்கவைத்தாகவேண்டும். கலகலப்பு வருவதும் இந்தச் சீட்டிழுப்பாலும் ஒரேயடியாக விரல் தூக்குவதாலும்தான். வேகப் போட்டி வேண்டாம், முதலில் கை உயர்த்தினவருக்குப் புள்ளி என்று வைத்தால் மறுபடியும் உங்கள் பழைய நாலைந்து பேரிடமே வந்து நிற்பீர்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், பக்கத்து வகுப்புக்கும் உங்களுக்கும் நடுவில் தட்டி மட்டும் இருக்கும் பாடசாலை என்றால் இரண்டாம் கேள்விக்குள் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள். குழுவாகக் கதைக்கும்போது உரத்துச் சொன்னால் அடுத்த குழு கேட்டு எழுதிவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களே குரலைத் தாழ்த்துவார்கள்.

இப்போது கேள்விகள். உண்மையில் முழு வேலையும் இங்கேதான். தவணையில் படிப்பித்த எல்லாவற்றையும் ஒரு பாடவேளைக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். 40 நிமிடத்தில் ஒரு கேள்விக்கு நாலு நிமிடம் என்று ஆறு கேள்விதான் ஒழுங்காகப் போகும், மீதியில் நாலு நிமிடம் குழு அமைக்க, ஆறு நிமிடம் எங்காவது நிறுத்தி மறுபடி விளங்கப்படுத்த, கடைசி ஆறு நிமிடம் 'கடைசி' நிரலுக்கு. ஆறு கேள்விகளையும் புத்தகத்திலிருந்து எடுக்காமல் இந்தத் தவணை கொப்பிகளில் நீங்கள் சிவப்புப் பேனையால் கோடிட்ட பிழைகளிலிருந்து எடுங்கள். பிழையான ஒவ்வொரு விடையும் ஒரு குறிப்பிட்ட பிழையான யோசனையிலிருந்து வரவேண்டும்.

திசைகொண்ட எண்களில் ஒன்றைப் பார்ப்போம்: −3 − 5 எவ்வளவு? விடைகள் (1) −8 (2) 8 (3) −2 (4) 2. இரண்டாவது விடையை எழுதின பிள்ளை "சயவும் சயவும் சக" என்று பாடமாக்கி வைத்திருக்கிறது. அது பெருக்கலுக்கான விதி, அல்லது −3 − (−5) போல அடைப்புக்குள் இன்னொரு சய இருந்தால் வருவது. இங்கே அதைப் போட்டுவிட்டது. மூன்றாவது விடையை எழுதின பிள்ளை 5இலிருந்து 3ஐக் கழித்துவிட்டு முன்னால் இருந்த சயவை ஒட்டிவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டிய விளக்கம் வேறுவேறு, "பிழை, சரியான விடை −8" என்று சொல்லிவிட்டுப் போனால் இருவருக்கும் பயனில்லை. அதேபோல 3a + 2b ஐச் சுருக்கச் சொன்னால் 5ab, 2(x + 3) ஐ விரித்தால் 2x + 3, 1/2 + 1/3 என்றால் 2/5, இவை எல்லாம் உங்கள் கொப்பிகளில் நிச்சயம் இருக்கும். யாருமே எழுதாத ஒரு பிழை விடையை இடத்தை நிரப்பவென்று போட்டால் அந்த இடம் வீண்.

கண்மூடி விரல் காட்டியபோது என்ன பார்த்தீர்களோ அதைப் பொறுத்து அடுத்த நிமிடத்தை முடிவுசெய்யுங்கள். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களிலிருந்து பெரிய விரிவுரைகளில் செய்துவந்தது கிட்டத்தட்ட இதுதான்: முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்தவரோடு விவாதம், பிறகு மறுபடி விடை. தனி விடையில் சரி ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் விவாதம் பயன்தரும் என்பது அவருடைய முறையில் உள்ள அளவு. அதற்குக் கீழே என்றால் குழுவில் பிழைதான் பரவும், விளையாட்டை நிறுத்திவிட்டு நீங்களே விளங்கப்படுத்துங்கள். மேலே என்றால் கதைக்கவிட்டு நேரத்தைச் செலவழிக்காமல் நேரே சீட்டை இழுங்கள்.

32 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். −3 − 5க்குத் தனி விடையில் 13 பேர் முதலாவது, 11 பேர் இரண்டாவது, 7 பேர் மூன்றாவது, ஒருவர் நாலாவது. நாற்பது சதவீதம் சரி, ஆகவே கதைக்க விடுகிறீர்கள். குழு நிரலில் 27 பேர் சரி. வகுப்பு ஆரவாரிக்கிறது, நீங்களும் "சரி, விளங்கிவிட்டது" என்று அடுத்த கேள்விக்குப் போகிறீர்கள். இந்த 27ஐ நம்பக்கூடாது ரீச்சர். குழுவில் ஒருவர் உறுதியாகச் சொன்னால் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். கடைசி ஆறு நிமிடத்தில், பக்கத்தவரைப் பார்க்காமல், விடைத்தெரிவு எதுவும் இல்லாமல் −4 − 6 எவ்வளவு, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்கிறீர்கள். 20 பேர் சரி, 8 பேர் 10 என்று எழுதியிருக்கிறார்கள், மீதி நாலு பேர் வேறு ஏதோ. விளையாட்டுக்கு முன்னால் 13, இப்போது 20, அதுதான் உண்மையான முன்னேற்றம். குழுவில் தெரிந்த 27க்கும் இந்த 20க்கும் உள்ள வித்தியாசம் பார்த்து எழுதியது.

கடைசிக் கேள்விக்கு விடைத்தெரிவு கொடுக்காததற்குக் காரணம் உண்டு. நாலு விடையில் கண்ணை மூடிக் குத்தினாலும் 32 பேரில் சராசரியாக 8 பேருக்குச் சரியாக வந்துவிடும். ஆறு கேள்விக்கும் இப்படி இணை வைக்க நேரம் போதாது, தனி விடையில் கூடுதலாகப் பிழைத்த இரண்டுக்கு மட்டும் வையுங்கள். இரண்டாவது இணைக் கேள்வி 3(x + 4) போல ஒன்று, அதே யோசனை, வேறு எண்.

அந்த ஆறு நிமிடத்தில் வகுப்பு ஓய்ந்துபோவதுதான் வழக்கமாக வரும் சிக்கல். வென்ற குழு எது என்று முன்னரே சொல்லிவிட்டால் கொப்பியை மூடிவிடுவார்கள். ஆகவே புள்ளிப் பலகையின் கடைசி வரியை மறைத்து வைத்திருந்து, எல்லாச் சீட்டும் மேசைக்கு வந்த பிறகுதான் மொத்தத்தைச் சொல்லுங்கள். கடைசி நிரலுக்குக் குழுப் புள்ளி கொடுக்கலாமா என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள், கொடுக்காதீர்கள், மறுபடி பார்த்தெழுதத் தொடங்கும்.

எழும்பி நிற்கப் பயப்படும் பிள்ளை இருக்கும். அது விரலைத் தூக்கினால் போதும், காரணம் சொல்ல முடியாவிட்டால் 20 செக்கன் குழுவிடம் கேட்டுவிட்டு வந்து தானே சொல்லலாம் என்று எல்லாருக்கும் பொதுவாக விதி வையுங்கள், அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்று வைத்தால் எல்லார் முன்னாலும் அதைக் குறித்துக் காட்டினது மாதிரி ஆகிவிடும்.

கைபேசியில் செய்யும் கஹூட் போன்ற வினாவிடைப் போட்டிகளில், வழக்கமான அமைப்பில், கெதியாக அழுத்தினவருக்குக் கூடப் புள்ளி. மேலே சொன்ன வேகப் பிரச்சினை அங்கேயும் உண்டு. அதைவிட வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் கைபேசி இருக்கவும் போவதில்லை, சீட்டுப் போதும்.

பின்னேரம் சீட்டுகளை மூன்று கட்டாகப் பிரியுங்கள். தனியும் கடைசியும் சரியானவை ஒன்று. தனி பிழை, கடைசி சரி என்பவை இன்னொன்று, இவர்களுக்கு இரண்டு நாள் கழித்து இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கவேண்டும். கடைசி பிழையானவை மூன்றாம் கட்டு. அதில் 10 என்று எழுதின எட்டுப் பேரும் ஒரே காரணத்தால் பிழைத்திருக்கிறார்கள், அடுத்த நாள் முதல் பத்து நிமிடம் அவர்களுக்குத்தான்: நிலத்தில் வெண்கட்டியால் எண்கோடு கீறி, ஒரு பிள்ளையை −4இல் நிற்கவைத்து 6 அடி இடப்பக்கம் நடக்கவிடுங்கள். பிறகு அதே பிள்ளையிடம் −4 − (−6)க்கு எந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்று கேளுங்கள். "சயவும் சயவும் சக" எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது அங்கேதான் பிடிபடும். மற்றவர்களுக்கு அந்தப் பத்து நிமிடத்துக்குக் கடந்த தவணைத் தாளில் இரண்டு கணக்குக் கொடுத்தால் சரி.