இரண்டு பேலன்ஸ் ஷீட், ஒரு லாபத் தொகை: பண ஓட்ட அறிக்கை கேள்வி பதில்

பி.காம் மாணவி: சார், இரண்டு வருஷ பேலன்ஸ் ஷீட்டும் லாபமும் மட்டும் கொடுத்து கேஷ் ஃப்ளோ போடச் சொல்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

விடையிலிருந்து ஆரம்பியுங்கள். இந்தக் கணக்கில் கடைசி வரி முன்பே தெரிந்துவிடும். ஒரு சிறிய கம்பெனியை எடுத்துக்கொள்வோம். தொகை எல்லாம் ஆயிரம் ரூபாயில்.

| | போன மார்ச் | இந்த மார்ச் |
|---|---|---|
| இயந்திரம் (தேய்மானம் போக) | 800 | 950 |
| சரக்கிருப்பு | 300 | 420 |
| வரவேண்டிய பாக்கி | 250 | 310 |
| ரொக்கமும் வங்கியும் | 150 | 70 |
| மொத்தம் | 1500 | 1750 |
| பங்கு முதல் | 600 | 600 |
| சேர்ந்த லாபம் | 300 | 400 |
| வங்கிக் கடன் | 400 | 500 |
| கொடுக்கவேண்டிய பாக்கி | 200 | 250 |
| மொத்தம் | 1500 | 1750 |

வரி போக லாபம் 160. வரியை வருஷத்துக்குள்ளேயே கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பணம் 150-லிருந்து 70 ஆகியிருக்கிறது, அதாவது 80 குறைவு. இந்த 80-ஐ முதலில் தாளின் அடியில் எழுதி வட்டமிடுங்கள். லாபம் 160 வந்தும் பணம் 80 ஏன் குறைந்தது என்பதற்கான பதில்தான் நீங்கள் எழுதப்போகும் அறிக்கை.

ஒரு வாசகர்: இதற்கு லாபமே எதற்கு? இரண்டு வருஷ வித்தியாசத்தையும் வரிசையாக எழுதிக் கூட்டிக் கழித்தால் 80 வந்துவிடுகிறதே.

வரும், அது சரிதான். பேலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் மற்ற வரிகளின் வித்தியாசமெல்லாம் சேர்ந்து பணத்தின் வித்தியாசத்தைத் தந்தே தீரும். ஆனால் ஒவ்வொரு வித்தியாசத்துக்குள்ளும் எதிரெதிரான இரண்டு மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கும். அவற்றைப் பிரித்து எடுப்பதுதான் வேலை.

சேர்ந்த லாபத்தைப் பாருங்கள். வருஷத்தில் கூடியது 100 மட்டும், ஆனால் சம்பாதித்தது 160. மீதி 60 எங்கே? வேறு குறிப்பு இல்லாவிட்டால் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டாகப் போயிருக்கிறது. லாபத் தொகை இல்லாமல் இந்த 60 கண்ணிலேயே பட்டிருக்காது.

அடுத்து இயந்திரம். 150 கூடியிருப்பதால் 150-க்கு வாங்கினார்கள் என்று எழுதினால் தப்பு. பேலன்ஸ் ஷீட் மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரிக்க முடியாது, தேய்மானத்தையும் விற்பனையையும் பற்றிய குறிப்பு வேண்டும். நம் கம்பெனியில் வருஷத் தேய்மானம் 100. புத்தகத்தில் 40 மதிப்புள்ள பழைய இயந்திரம் ஒன்றை 50-க்கு விற்றிருக்கிறார்கள். 800-இல் 100-ம் 40-ம் போக 660 நிற்க வேண்டும். 950 நிற்கிறது. ஆக, புதிதாக வாங்கியது 290.

இனி அறிக்கையை எழுதலாம். தொழில், முதலீடு, நிதி என்று அதில் மூன்று பகுதிகள். லாபம் 160 உடன் தேய்மானம் 100-ஐக் கூட்டி, இயந்திரம் விற்ற லாபம் 10-ஐக் கழித்தால் 250. விற்ற பணம் 50 முழுவதும் முதலீட்டுப் பகுதியில் வரப்போகிறது, அதனால்தான் அந்த 10 இங்கே இரண்டாம் முறை இருக்கக்கூடாது. சரக்கில் 120 முடங்கியது, வரவேண்டியதில் 60 நின்றுபோனது, கொடுக்கவேண்டியதை 50 தள்ளிப்போட்டார்கள். அதையெல்லாம் சேர்த்தால் தொழிலிலிருந்து வந்த பணம் 120. முதலீட்டில் 290 போய் 50 வந்தது, நிகரம் 240 வெளியே. நிதிப் பகுதியில் கடன் 100 வந்து டிவிடெண்ட் 60 போனது, நிகரம் 40 உள்ளே. 120-உடன் 40-ஐக் கூட்டி 240-ஐக் கழித்தால் 80 குறைவு. வட்டத்துக்குள் இருக்கும் அதே தொகை.

ஹார்டுவேர் கடைக்காரர்: ஐயா, தேய்மானத்தைக் கூட்டினால் பணம் வருகிறது என்றால், என் கடையில் ஆடிட்டரிடம் சொல்லித் தேய்மானத்தை அதிகமாகப் போட்டால் கையில் காசு கூடுமா? லாபம் காட்டுகிறார், கல்லாவில் ஒன்றும் இல்லை.

கூடாது. தேய்மானம் 100 என்பதை 130 ஆக்கினால் லாபம் 160-லிருந்து 130 ஆகும். அதனுடன் 130-ஐக் கூட்டினாலும், 160-உடன் 100-ஐக் கூட்டினால் வரும் அதே 260-தான். தேய்மானம் பணத்தைக் கொண்டுவருவதில்லை. பணம் போகாமலே லாபத்தைக் குறைத்த ஒரு செலவை நாம் திரும்ப எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான். வருமான வரிச் சட்டம் அனுமதிக்கும் தேய்மானம் கூடினால் வரி குறையும், அந்த அளவுக்கு மட்டும் பணம் மிஞ்சும்.

உங்கள் கல்லா காலியாக இருப்பதற்கு மூன்று இடங்களைப் பாருங்கள்: சரக்கு, கடன் பாக்கி, வீட்டுக்கு எடுத்தது. தனி உரிமையாளர் கடையில் டிவிடெண்ட் கிடையாது, அந்த இடத்தில் சொந்தச் செலவுக்கு எடுத்த பணம் உட்கார்ந்திருக்கும். முதலில் இருந்த முதலுடன் லாபத்தையும், வருஷத்தில் நீங்கள் புதிதாகப் போட்டதையும் கூட்டி, கடைசி முதலைக் கழியுங்கள். வருவது நீங்கள் எடுத்தது. பெரும்பாலும் நினைத்ததைவிட அதிகமாகவே இருக்கும்.

பி.காம் மாணவி: சார், உங்கள் கணக்கையே நானும் போட்டேன். எனக்கு 40 கூடுதல் என்று வருகிறது.

வித்தியாசம் 120. இரண்டு வழியில் தேடுங்கள். 120 உள்ள வரி எதையாவது விட்டிருக்கிறீர்களா? அப்படியானால் சரக்கு. இல்லை என்றால் 120-இல் பாதி 60. குறி மாறிய தொகை எப்போதும் இரண்டு மடங்கு வித்தியாசம் காட்டும். இங்கே 60 இரண்டு இடத்தில் இருக்கிறது, வரவேண்டிய பாக்கியும் டிவிடெண்டும். தொழில் பகுதியின் கூட்டலைப் பாருங்கள். அது 120 என்றால் அங்கே தப்பில்லை, டிவிடெண்டைக் கூட்டியிருப்பீர்கள். 240 வந்திருந்தால் சரக்கோ பாக்கியோ.

பி.காம் மாணவி: 240 சார். பாக்கி கூடியதால் கூட்டிவிட்டேன்.

ஒரு கம்பெனியின் கணக்காளர்: அண்ணா, புது இயந்திரத்துக்கு 30 இன்னும் டீலருக்குக் கொடுக்கவில்லை, அது கொடுக்கவேண்டிய பாக்கி 250-க்குள் இருக்கிறது என்றால்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். அப்படியென்றால் சரக்கு வாங்கியதற்கான பாக்கி 250 அல்ல, 220. கூடியது 20-தான். தொழிலிலிருந்து வந்த பணம் 120 அல்ல, 90. இயந்திரத்துக்குக் கையிலிருந்து போனது 260, முதலீட்டு நிகரம் 210. மொத்தம் இப்போதும் 80 குறைவு. மேலே நான் போட்ட அறிக்கையும் டேலி ஆனது, இதுவும் ஆகிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டாவதுதான் உண்மை. முதலாவதைக் காட்டினால், தொழில் 30 அதிகமாகச் சம்பாதித்ததாக வங்கிக்காரர் நினைத்துக்கொள்வார்.

ஆகவே டேலி ஆனதும் பேனாவை மூடாதீர்கள். பாக்கிப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கடன் வரியையும் அப்படியே பாருங்கள். கூடிய 100 என்பது புதிதாக 180 வாங்கி 80 திருப்பியதாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும், கழித்து ஒரே வரியாக்கக் கூடாது.

அதே கணக்காளர்: எங்கள் ஆடிட்டர் வங்கியின் கேஷ் கிரெடிட், அதாவது சி.சி. கணக்கை ரொக்கத்திலேயே கழித்துக் காட்டுகிறார். சரியா?

நான் அதைக் கடனாகவே வைத்து நிதிப் பகுதியில் காட்டுவேன். பாடப்புத்தகங்களும் அப்படித்தான். கேட்டவுடன் கட்டவேண்டிய ஓவர்டிராஃப்ட், பற்றிலும் வரவிலும் மாறி மாறி நின்று, அன்றாடப் பண நிர்வாகத்தின் பகுதியாகவே இருந்தால், ரொக்கத்தோடு சேர்க்க, பண ஓட்ட அறிக்கைக்கான கணக்கியல் தரமான இண்ட் ஏ.எஸ். 7 இடம் தருகிறது. வருஷம் முழுக்கக் கடனிலேயே நிற்கும் சி.சி.க்கு அந்த வாதம் பொருந்துவது கஷ்டம். உங்கள் கணக்கு எந்த வகை என்பது 12 மாத ஸ்டேட்மென்டைப் பார்த்தால்தான் தெரியும், அதை வைத்து ஆடிட்டரிடமே பேசுங்கள். எப்படிக் காட்டினாலும் போன வருஷத் தொகையையும் அதே முறைக்கு மாற்றிவிடுங்கள்.