எது ரகசியம், எவ்வளவு காலத்துக்கு? டிசைன் ஸ்டூடியோ ஒப்பந்தம் பற்றிச் சில கேள்விகள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் சின்ன டிசைன் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை ஒன்றின் கேட்லாக் வேலையை ஏற்காட்டில் இருக்கும் ஃப்ரீலான்சரிடம் தரப் போகிறேன். அதற்கு முன் ரகசிய ஒப்பந்தம் போட வேண்டும். நெட்டில் கிடைத்த மாதிரிப் பத்திரத்தில் "பகிரப்படும் எல்லாத் தகவலும் ரகசியமே" என்று இருக்கிறது. அது போதுமா?

போதாது. வியாபார ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. நாளைக்குத் தகராறு வந்தால் நீங்கள் முதலில் காட்ட வேண்டியது ஒப்பந்தத்தின் வாசகத்தைத்தான். "எல்லாம்" என்று எழுதினால் பட்டறையின் பெயர்ப் பலகையில் இருக்கும் போன் நம்பர்கூட ரகசியமாகிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் பிடிப்பார்.

உங்கள் வேலைக்கு இப்படி எழுதலாம்: "இன்னும் விற்பனைக்கு வராத கொலுசு மாடல்களின் வரைபடங்கள், போட்டோக்கள், மொத்த விலைப் பட்டியல், செய்கூலி விவரம், கேட்லாக் வெளியாகும் தேதி, பட்டறைக்கு ஸ்டூடியோ கொடுத்த கட்டண மதிப்பீடு." அப்புறம், எவை சேராது என்பதையும் சொல்லுங்கள்: ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்தவை, ஃப்ரீலான்சருக்கு முன்பே தெரிந்தவை, ரகசியம் காக்கும் கடமை இல்லாத வேறொருவர் மூலம் அவருக்குக் கிடைத்தவை, உங்கள் தகவலைத் தொடாமல் அவரே உருவாக்கியவை.

"ரகசியம் என்று குறியிட்டவை மட்டும்" என்ற வாசகத்தில் கவனமாக இருங்கள். அவசரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவில் யார் முத்திரை போடுகிறார்கள்? "குறியிட்டவை, அல்லது பார்த்தாலே ரகசியம் என்று புரியக்கூடியவை" என்று எழுதுங்கள். போனில் சொன்னதை ஏழு நாளுக்குள் மின்னஞ்சலில் உறுதிப்படுத்துவதாக ஒரு வரி சேர்த்தால், எதைச் சொன்னீர்கள் என்ற வாதமே வராது.

காலம் எவ்வளவு போடுவது? இரண்டு வருடம் என்று வைத்திருக்கிறோம்.

எந்த நாளிலிருந்து இரண்டு வருடம் என்பதுதான் விஷயம். 2026 ஜனவரி 10-ல் கையெழுத்து. "கையெழுத்திட்ட நாள் முதல் 2 வருடம்" என்று வாசகம். வேலை தொடர்கிறது. 2027 நவம்பர் 10-ல் அடுத்த சீசன் மாடல்களை அனுப்புகிறீர்கள். அவற்றுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு வெறும் இரண்டு மாதம். அதனால் ஒப்பந்தம் எவ்வளவு காலம், ரகசியக் கடமை எவ்வளவு காலம் என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். கடமையை "அந்தத் தகவல் தரப்பட்ட நாள் முதல் 2 வருடம்" என்று கணக்கிட்டால் ஓட்டை அடைபடும்.

எல்லாவற்றுக்கும் ஒரே காலம் வேண்டியதில்லை. வெளியீட்டுத் தேதி கேட்லாக் வந்த அன்றே செத்த ரகசியம். விலைப் பட்டியலுக்கு இரண்டு வருடம் தாராளம். செய்கூலிக் கணக்கு போன்றவற்றுக்கு "பொதுவெளிக்கு வராத வரை" என்று எழுதலாம். எல்லாவற்றுக்கும் "என்றென்றைக்கும்" போடுவது எனக்குப் பிடிக்காது. நியாயமானவற்றின் மீதும் சந்தேகம் வரவைக்கும்.

கொலுசு மாடலுக்கு இன்னொரு கோணம் உண்டு. வடிவமைப்புச் சட்டம், 2000-ன்படி பதிவு செய்ய அந்த வடிவம் விண்ணப்பத்துக்கு முன் வெளியாகியிருக்கக் கூடாது. நம்பிக்கை மீறி யாராவது வெளியிட்டுவிட்டால் விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் நம்பி ஒப்படைத்தீர்கள் என்று நீங்கள் காட்ட வேண்டும். அதற்கு இந்தப் பத்திரம் உதவும். பட்டறைக்காரர் பதிவு செய்யும் எண்ணத்தில் இருந்தால், விண்ணப்பம் போகும்வரை அந்தப் போட்டோக்கள் எங்கும் போகக் கூடாது என்று தனியாகவே எழுதிவிடுங்கள்.

நான் ஃப்ரீலான்சர். வேலை முடிந்த பிறகு மூன்று வருடம் வேறு நகைக் கடைக்கு டிசைன் செய்யக் கூடாது என்று ரகசிய ஒப்பந்தத்துக்குள்ளேயே ஒரு வரி இருக்கிறது.

அது ரகசியம் அல்ல, தொழில் தடை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 27-ஆம் பிரிவுப்படி, வேலை முடிந்த பிறகான அப்படிப்பட்ட தடை செல்லாது. செல்லாதுதானே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். ரகசியக் கடமை மட்டும் அப்படியே உங்களைக் கட்டும். கேட்லாக் வெளிவந்த பிறகு அச்சான பக்கங்களை போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்று ஒரு வரியும் கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்துக்கு முன்பே ஃபைல்களை அனுப்பிவிட்டேன். இனி ஒப்பந்தம் போட்டுப் பயன் உண்டா?

உண்டு. "இன்ன தேதியில் மின்னஞ்சலில் அனுப்பிய இன்னின்ன ஃபைல்களும் இதில் அடங்கும்" என்று ஃபைல் பெயரோடு எழுதுங்கள். அதற்குள் அவர் யாருக்காவது அனுப்பியிருந்தால் மட்டும் அதை இந்தப் பத்திரத்தால் திரும்பப் பிடிக்க முடியாது. முதலில் அதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.