பிள்ளைக்காம்பரா வரவும் ஐந்து வரிப் பெட்டியும்

கேள்வி: ஐயா, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா பொறுப்பில் ஏழு வருடமாக இருக்கிறேன். வருட எப்ரேய்சல் போர்மில் 'இவ்வருடம் நீங்கள் சாதித்தவை' என்று ஐந்து வரிக்கு ஒரு பெட்டி. போன வருடம் 'துரை அவர்களின் வழிகாட்டலில் என்னால் இயன்ற கடமையைச் செய்தேன்' என்று எழுதினேன். ஐந்துக்கு மூன்று புள்ளி. இந்த வருடம் தம்பி டவுனில் ஒரு கடையில் எழுதி வாங்கி வந்தான்: 'எனது தலைசிறந்த தலைமைத்துவத்தால் வரவை 57 சதவீதம் உயர்த்தி, போசாக்குக் குறைபாட்டை முற்றாக ஒழித்தேன்.' வரவு 14 இலிருந்து 22 ஆனது உண்மைதான். ஆனாலும் கையெழுத்துப் போடக் கூசுகிறது. பதிவேட்டுப் பக்கங்களையும் அனுப்பியிருக்கிறேன். எப்படி எழுதலாம்?

பதில்: கூசியது நல்லது, மகள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

57 சதவீதம் கணக்கில் பிழையில்லை. 14 இல் 8 கூடினால் 57 தான் வரும். ஆனால் அந்த எட்டுப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று உங்கள் வரவுப் பதிவேடே சொல்கிறது. ஜூன் இரண்டாம் கிழமையிலிருந்து ஐந்து பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'கீ.பி.' என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். கீழ்ப் பிரிவுக் காம்பராவின் கூரை வேலைக்காக அதைப் பூட்டினார்கள்; பிள்ளைகள் உங்களிடம் வந்தார்கள். அது உங்கள் தலைமைத்துவம் இல்லை, கூரைத் தகரம். துரைக்கும் அது தெரியும், தகரத்துக்குக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அவர் '57 சதவீதம்' என்று வாசித்ததும் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்.

மிச்சம் மூன்று பிள்ளைகள். அந்த மூன்றுதான் உங்களுடையது, அதற்குக் காரணமும் பதிவேட்டில் இருக்கிறது. ஏப்ரலிலிருந்து திறக்கும் நேரத்தை அரை மணி முன்தள்ளியிருக்கிறீர்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடும் தாய் முதலில் பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டும். காம்பரா பூட்டியிருந்தால் கிழவியிடமோ பக்கத்து லயத்திலோ விட்டுவிட்டுத்தான் போவாள். முன்பு அப்படி விடப்பட்ட மூன்று பிள்ளைகள் இப்போது உங்களிடம் இருக்கிறார்கள். இதை எழுதாமல் விட்டுவிட்டு அந்தக் கடைக்காரன் 'தலைசிறந்த' என்று எழுதியிருக்கிறான். இருந்த ஒரே நல்ல சங்கதியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாயம் பூசியிருக்கிறான்.

இந்தக் கொமியூனிகேஷன் கடைகளைப் பற்றி எனக்குப் பழைய ஆத்திரம் உண்டு. கொம்பனி ஒன்றில் ஆளணிப் பிரிவில் இருந்த காலத்தில் இந்தப் போர்ம்களைக் கட்டுக்கட்டாக வாசித்தவன் நான். ஒரே வருடத்தில் ஒரு வெளிக்கள உத்தியோகத்தரும், பெக்டரியில் இருந்த ஒரு பொடியனும், பிள்ளைக்காம்பரா பொறுப்பாளர் ஒருவரும் எழுத்துக்கு எழுத்து ஒரே பந்தியைத் தந்திருந்தார்கள். அந்த அம்மாவின் பந்தியில் 'விற்பனை இலக்கைத் தாண்டினேன்' என்றும் இருந்தது. பிள்ளைக்காம்பராவில் எதை விற்றார் என்று கேட்டேன், அவர் அழுதுவிட்டார். காசு வாங்கியவன் கடையில் இருக்கிறான், பதில் சொல்ல வேண்டியவர் துரைக்கு முன்னால் நிற்கிறார். இன்னொரு வகை ஆட்களும் உண்டு. 'போர்மை என்னிடம் கொடு, மேலே ஆளைத் தெரியும், பேசி நாலு போட வைக்கிறேன்' என்பார்கள். கொடுக்காதீர்கள். போர்ம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

நீங்கள் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். 14 என்பது போன வருட ஒக்டோபர் நாள் சராசரி, 22 இந்த வருட ஒக்டோபர். கூட்டிப் பார்த்தேன். போன வருடம் 24 நாள் திறந்து மொத்த வரவு 336. இந்த வருடம் 25 நாளில் 550. வகுத்தால் 14, 22. எப்போதும் இப்படி ஒரே மாதத்தை ஒரே மாதத்தோடுதான் வைக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் தை, மாசியில் பனியும் வெயிலும், கொழுந்து குறைவு, வேலைக்குப் பேர் போடுவதும் குறைவு. காம்பராவும் காலியாக இருக்கும். சித்திரை மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கும்போது எல்லாத் தாய்மாரும் மலைக்குப் போவார்கள், காம்பரா நிறையும். ஜனவரியையும் மே மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'உயர்த்தினேன்' என்று எழுதினால் உயர்த்தியது மழைதான். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும். ஹெட் ஒபிஸில் இருந்து புள்ளி போடுகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அதை நம்பி எழுதக்கூடாது.

அடுத்தது போசாக்கு. 'ஒழித்தேன்' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். ஒரு பிள்ளையின் எடை கூடுவதற்குத் தாயின் கை இருக்கிறது, வீட்டுச் சோறு இருக்கிறது, திரிபோஷ இருக்கிறது, மிட்வைஃப் இருக்கிறார், காய்ச்சல் வராமல் இருந்த மாதமும் இருக்கிறது. இத்தனை பேருக்கு நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள்? எடைப் பதிவைப் பார்த்தால் அது தெளிவாகத் தெரிகிறது. மிட்வைஃபோடு சேர்ந்து 11 மாதம் எடை பார்த்திருக்கிறீர்கள். ஜூலையில் பாதையில் மண் சரிந்து அவரால் வர முடியவில்லை. இரண்டு மாதம் தொடர்ந்து எடை கூடாத நான்கு பிள்ளைகளைப் பதிவிலிருந்து பொறுக்கி எடுத்தவர் நீங்கள். தாயைக் கூப்பிட்டுச் சொன்னதும், மிட்வைஃபுக்கு அறிவித்ததும் நீங்கள். பிறகு மூவருக்கு எடை கூடியது. ஒரு பிள்ளை இன்னும் கிளினிக்குக்குப் போய்வருகிறது. அந்த ஒன்றை மறைக்காதீர்கள். நாலில் மூன்று என்று எழுதினால் வாசிப்பவர் நம்புவார், நாலும் சரியாகிவிட்டது என்றால் பதிவைக் கொண்டுவரச் சொல்லுவார். பிள்ளைகளின் பெயர் மட்டும் போர்மில் வரக்கூடாது. பதிவேட்டு இலக்கம் போதும்.

இங்கேதான் 'நான்', 'நாங்கள்' தகராறு வருகிறது. இதில் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அடிக்கடி விழுகிற குழி இது. நம் வீடுகளில் 'நான் செய்தேன்' என்றாலே வாய்க்கொழுப்பு. ஆகவே எல்லாவற்றையும் 'துரை அவர்களின் வழிகாட்டலில், அனைவரின் ஒத்துழைப்போடும்' என்று எழுதிவிடுகிறோம். புள்ளி போடுகிறவர் அதை வாசித்து, 'சரி, துரை வழிகாட்டினார், மற்றவர்கள் செய்தார்கள்' என்று மூன்றைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பார். போன வருடம் உங்களுக்கு நடந்தது அதுதான். பொதுவாக, உங்கள் கையால் நடந்த வேலைக்குக் கூச்சப்படாமல் 'நான்' போடுங்கள். 'நான் திறந்தேன்', 'நான் அறிவித்தேன்' என்பவை பெருமை இல்லை, நடந்த காரியம். ஆனால் எடை பார்த்ததற்கு மட்டும் 'நாங்கள்'. காரணம் பணிவு இல்லை. அதே வேலையை மிட்வைஃபும் தன் அறிக்கையில் எழுதுவார். நான் இருந்த இடத்தில் ஒரு தடவை காம்பராப் பொறுப்பாளரும் நலன்புரி உத்தியோகத்தரும் ஒரே எடை முகாமை 'நான் நடத்தினேன்' என்று தனித்தனியாக எழுதியிருந்தார்கள். இரண்டு தாளும் ஒரே மேசைக்கு வந்தன. யார் சொல்வது உண்மை என்று விசாரிக்க யாருக்கும் நேரமில்லை, இருவருக்கும் குறைத்துப் போட்டார்கள். உண்மையில் இருவரும் உழைத்திருந்தார்கள். ஆகவே சேர்ந்து செய்ததை 'இன்னாரோடு சேர்ந்து பார்த்தோம்' என்று எழுதி, அடுத்த வாக்கியத்தில் உங்களுக்கு மட்டும் உரியதை 'நான்' என்று தொடங்குங்கள். ஆயாவோடு சேர்ந்து செய்த வேலைக்கும் இதே முறைதான். அவருக்குப் போர்ம் இல்லை என்பதற்காக அவர் பங்கை விழுங்கிவிடாதீர்கள்.

இனி பெட்டிக்குள் போக வேண்டியது:

'ஏப்ரல் முதல் பெரட்டுக்கு முன் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும்படி காம்பராவை அரை மணி முன்னதாகத் திறந்தேன். ஒக்டோபர் மாத நாள் சராசரி வரவு போன வருடம் 14, இவ்வருடம் 22. இதில் 5 பேர் கீழ்ப் பிரிவுக் காம்பரா மூடப்பட்டதால் வந்தவர்கள். மிட்வைஃபோடு சேர்ந்து 11 மாதம் எடை பார்த்தோம். ஜூலையில் மண்சரிவால் முடியவில்லை. இரண்டு மாதம் எடை கூடாத 4 பிள்ளைகளை நான் பதிவிலிருந்து கண்டு தாய்மாருக்கும் மிட்வைஃபுக்கும் அறிவித்தேன். மூவருக்கு எடை கூடியது. ஒருவர் கிளினிக்கில் தொடர்கிறார். ஆதாரம்: வரவுப் பதிவேடு, எடைப் பதிவு.'

கீழ்ப் பிரிவுப் பிள்ளைகள் ஐந்து பேரை ஏன் எழுத வேண்டும், மறைத்தால் என்ன என்று தம்பி கேட்பான். அந்த வரி உங்களுக்குத்தான் உதவும். திடீரென்று ஐந்து பிள்ளைகள் கூட வந்தும், அதே ஆயாவோடு, எடை பார்ப்பதை நிறுத்தாமல் நடத்தியிருக்கிறீர்கள் என்று வாசிப்பவருக்கே விளங்கும். நீங்கள் அதைச் சொல்லத் தேவையில்லை. மற்ற மூவரும் நேரத்தை மாற்றியதால்தான் வந்தார்கள் என்றும் அடித்து எழுத வேண்டாம். இரண்டு வாக்கியமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும்.

இது ஐந்து வரிக்குள் அடங்காது, தெரியும். பிள்ளைகளைப் பார்க்கும் ஒருவரின் ஒரு வருட வேலையை ஐந்து வரியில் எழுதச் சொல்லி, அதையும் இங்கிலீசில் அச்சடித்து, வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கட்கிழமை கேட்கிறார்கள். பிள்ளைக்காம்பராவுக்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்காதவர் ஐந்துக்கு எத்தனை என்று தீர்மானிக்கிறார். சில இடங்களில் போர்ம் வருவதற்கு முன்பே யாருக்கு எத்தனை என்று பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள், கண்ணால் கண்டிருக்கிறேன். அதை நீங்களோ நானோ இந்தப் பந்தியால் மாற்ற முடியாது. எழுத்தைச் சிறிதாக்கி எழுதுங்கள், இடம் போதாவிட்டால் 'இணைப்பு பார்க்க' என்று போட்டு ஒரு தாளைக் குத்துங்கள். இங்கிலீசில்தான் வேண்டும் என்றால் தோட்டப் பாடசாலை டீச்சரிடம் கொடுங்கள். இந்த வாக்கியங்களை அப்படியே மாற்றச் சொல்லுங்கள், ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கொடுப்பதற்கு முன் போர்மை போட்டோ கொப்பி எடுத்து, ஒப்படைத்த திகதியை அதில் எழுதி வையுங்கள். இரண்டு ஒக்டோபர் பக்கங்களிலும், 'கீ.பி.' தொடங்கும் ஜூன் பக்கத்திலும், எடைப் பதிவில் அந்த நான்கு இலக்கங்கள் உள்ள இடத்திலும் துண்டுக் கடதாசி வைத்துவிடுங்கள். துரை கூப்பிட்டு '22 எப்படி?' என்று கேட்டால் விளக்கம் சொல்லத் தொடங்காமல் முதலில் பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள். பென்சிலில் எழுதிய 'கீ.பி.'யை மட்டும் இப்போது பேனாவால் திருத்தி எழுதிவிடாதீர்கள், அது இருந்தபடியே இருக்கட்டும்.