மினிட்ஸ் புத்தகத்தில் சண்டையை எழுதலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 40 வீடுகள். வீட்டுக்கு 2,500 ரூபாய் என்று ஒரே மாதிரி வாங்கிவந்த மெயின்டனன்ஸை, சதுர அடிக்கு 3 ரூபாய் என்று மாற்றப் பொதுக்குழுவில் தீர்மானம் வந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள், ஒரே கூச்சல். லிஃப்ட் ரிப்பேர் பணத்தைப் பொருளாளர் சாப்பிட்டுவிட்டதாக பி-4 வீட்டுக்காரர் கத்தினார். 29 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆதரவு 17, எதிர்ப்பு 9, நடுநிலை 2. ‘ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிவிடுங்கள்’ என்கிறார் தலைவர். ‘நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதணும்’ என்கிறார் பி-4. புதிதாகச் செயலாளர் ஆன நான் எப்படி எழுதுவது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: ‘ஏகமனதாக’ என்ற சொல்லை எழுதவே எழுதாதீர்கள். நான் செயலாளராக இருந்தபோது, 6 பேர் எதிர்த்த ஒரு தீர்மானத்தைப் பழக்கதோஷத்தில் அப்படி எழுதிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸை வாசித்ததும் அந்த 6 பேரும் எழுந்து நின்றார்கள். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவும் நடக்கவில்லை.

உங்கள் கணக்கில் ஒன்று இடிக்கிறது. கையெழுத்து 29, கைகள் 28. வாக்கெடுப்புக்கு முன்பே ஒருவர் எழுந்து போயிருக்க வேண்டும். அது யார் என்று கேட்டு, ‘வாக்கெடுப்புக்கு முன் சி-2 வெளியேறினார்’ என்பதுபோல ஒரு வரி சேருங்கள். கை தூக்கியவர்களில் வாடகைக்கு இருப்பவர் யாராவது உண்டா, உரிமையாளரின் அனுமதிக் கடிதம் கொண்டுவந்தாரா, உங்கள் பை-லா அதை ஏற்கிறதா என்றும் பாருங்கள். நாளைக்குக் கேள்வி வந்தால் முதலில் இங்கேதான் வரும்.

இப்போது பை-லாவில் மெயின்டனன்ஸ் பற்றிய பிரிவை எடுத்து வாசியுங்கள். ‘தொகையைப் பொதுக்குழு முடிவு செய்யும்’ என்று மட்டும் இருந்தால், பொதுவாக 17-க்கு 9 போதும். நோட்டீஸில் இந்தப் பொருள் இடம்பெற்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ‘எல்லா வீட்டுக்கும் சமமாக’ என்று பை-லாவிலேயே எழுதியிருந்தால், நீங்கள் மாற்றுவது பை-லாவை. உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது என்றால், அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, வந்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு பெற்று, பிறகு பதிவாளரிடம் திருத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். 28 பேரில் நான்கில் மூன்று என்றால் 21. உங்களிடம் இருப்பது 17.

அப்படியிருந்தால் ‘நிறைவேறியது’ என்றே எழுத முடியாது. ‘ஆதரவு 17, எதிர்ப்பு 9, நடுநிலை 2. தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். தலைவருக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் 780 சதுர அடி வீட்டுக்காரர் 2,340 கட்ட, 1,450 சதுர அடிக்காரர் 4,350 கட்ட வேண்டிய மாற்றம் இது. இதைத் தவறான மினிட்ஸை நம்பி வசூலிக்கத் தொடங்கினால், கட்ட மறுப்பவரிடம் நீங்கள் காட்ட எதுவும் இருக்காது.

சரி, சண்டைக்கு வருவோம். யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பது மினிட்ஸில் வர வேண்டாம். ‘பணத்தைச் சாப்பிட்டார்’ என்று சங்கத்தின் புத்தகத்தில் ஏறினால், கோபத்தில் கத்தியது நிரந்தரமான குற்றச்சாட்டாகிவிடும். அதற்காக முழுதாக விட்டுவிடவும் கூடாது. கூச்சலுக்கு அடியில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது, அதை எழுதுங்கள்: ‘லிஃப்ட் பழுதுச் செலவுக்கான பில்லைக் காட்டும்படி பி-4 கேட்டார்.’ பொருளாளர் அங்கே என்ன பதில் சொன்னாரோ அதுவே அடுத்த வரி. பதில் சொல்லவில்லை என்றால் ‘பதில் அளிக்கப்படவில்லை’ என்றே இருக்கட்டும். ‘ஒரு வாரத்தில் காட்டுவதாகச் சொன்னேன் என்று போட்டுவிடுங்கள்’ என்று அவர் பிறகு வந்து கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூட்டத்தில் சொல்லாதது மினிட்ஸில் ஏறக் கூடாது.

எதிர்த்த 9 பேரும் காரணம் சொல்லியிருப்பார்கள். லிஃப்டும் காவலாளியும் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கேட்டிருப்பார்கள். சொல்லியிருந்தால் அதையும் ஓரிரு வரியில், வீட்டு எண்ணோடு எழுதுங்கள். தங்கள் வாதம் புத்தகத்தில் இருப்பதைப் பார்த்தாலே பலருக்குக் கோபம் பாதி அடங்கிவிடும். பி-4 இன்னும் விரிவாகச் சொல்ல விரும்பினால் கடிதமாகக் கொடுக்கட்டும். ‘கடிதம் பெறப்பட்டது’ என்று கோப்பில் வையுங்கள்.

இந்த வாரமே வரைவை எல்லா வீட்டுக்கும் அனுப்புங்கள். திருத்தம் சொன்னால் பழைய வரியை அழித்துவிட்டு எழுதாதீர்கள். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸை உறுதிசெய்யும்போது, ‘இன்ன வரி இப்படித் திருத்தப்பட்டது’ என்று அந்தக் கூட்டத்தின் மினிட்ஸில் பதிவு செய்யுங்கள். அப்புறம், பொருளாளரிடம் அந்த லிஃப்ட் பில்லின் நகலை இன்றே கேட்டு வாங்கி, வரைவோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.