டிரஸ்டுக்குச் செக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். முடிந்ததா? கேள்வி பதில்

போன வருஷம் எங்களுக்கு நஷ்டம். அப்படியானால் சி.எஸ்.ஆர். என்கிற சமூகப் பொறுப்புச் செலவு எங்கள் கம்பெனிக்குக் கிடையாதுதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்டிருந்தாலே கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு பிடிக்கும். தொகை வேறு கணக்கு: 198-ஆம் பிரிவின்படி போட்ட மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் 2 சதவீதம். அந்தச் சராசரியே மைனஸில் இருந்தால்தான் செலவழிக்க வேண்டியதில்லை.

எங்கள் கடமை 60 லட்சம். 25 லட்சம் கல்வி உதவித்தொகையாகப் போய்விட்டது. பள்ளிக் கட்டடத்துக்கு மார்ச் 28, 2025 அன்று டிரஸ்டுக்கு 35 லட்சம் செக் கொடுத்தோம். முடிந்த கதைதானே சார்?

முடியவில்லை. மார்ச் 31-க்குள் டிரஸ்ட் எவ்வளவு செலவழித்தது என்று பில்லோடு கேளுங்கள். பணம் ஒப்புதல் பெற்ற வேலைக்குத்தான் போனது என்று உங்கள் நிதித் தலைவரான சி.எஃப்.ஓ. சான்று தர வேண்டும். அவர் பார்ப்பது செங்கல், சிமென்ட் பில்லை, உங்கள் செக்கை அல்ல.

9 லட்சம்தான் செலவானது என்று வையுங்கள். மீதி 26 லட்சம் 'செலவழிக்காதது'. கட்டடத்தை ஒரு வருஷத்தைத் தாண்டி நீளும் தொடர் திட்டமாகப் போர்டு ஏற்றிருந்தால், அந்த 26 லட்சம் ஏப்ரல் 30-க்குள் அதற்கென்றே வங்கியில் திறந்த தனிக் கணக்குக்குப் போக வேண்டும். அங்கிருந்து மார்ச் 2028 வரை செலவழிக்கலாம். அப்போதும் மிஞ்சினால் 30 நாளில் சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் உள்ள ஒரு நிதிக்கு, உதாரணமாகப் பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கு.

தொடர் திட்டம் இல்லையென்றால் செப்டம்பர் 30, 2025-க்குள் நேராக அந்த நிதிக்கு.

செக் கொடுத்தால் செலவுதான் சார், எங்கள் புத்தகத்தில் அப்படித்தான் எழுதுகிறோம்.

புத்தகத்தில் எழுதுவது உங்கள் பக்கம். பணம் டிரஸ்டின் பேங்கில் தூங்கினால் சட்டத்தின் கண்ணில் அது செலவல்ல.

போர்டு தீர்மானத்தை ஏப்ரலில் போட்டால் போதும், 30 நாள் அதற்குத்தானே இருக்கிறது?

அந்த 30 நாள் பணத்தை மாற்றத்தான். ஆண்டு முடிந்தபின் 'தொடர் திட்டம்' என்று பெயர் சூட்டுவது செல்லுமா என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் மார்ச் 31-க்கு முன்பே தீர்மானம் வேண்டும் என்கிற கட்சி, நீட்டிப்பதற்கான காரணத்தையும் அதிலேயே எழுதி.

மாற்றாமல் விட்டால்?

இருமடங்கு 52 லட்சம்; உச்சவரம்பு 1 கோடி என்பதால் 52 லட்சமே கம்பெனிக்கு அபராதம். பொறுப்பான அதிகாரி ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம், எது குறைவோ அது. இங்கே 2 லட்சம்.

எங்கள் ஊழியர் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டினால் சேருமா?

சேராது.

நஷ்டம் என்றால் சி.எஸ்.ஆர். உண்டா?

முதல் பதிலைப் பாருங்கள்.