அப்பா படத்தை வைத்துப் பணம் கேட்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: எங்கள் அப்பா அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது பேரூராட்சித் தலைவர். பள்ளி விழாவில் எடுத்த அவர் படத்தைப் போட்டு யாரோ பேஸ்புக்கில் போலிக் கணக்கு தொடங்கி, அவருடைய பழைய மாணவர்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்த சிஆர்பிஎப் அதிகாரி மாற்றலாகிப் போகிறார், வீட்டுச் சாமானைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார் என்று கதை. ஒரு மாணவர் நேற்று இரவு 10,000 அனுப்பி, வண்டி வாடகை என்று கேட்டதும் மேலும் 5,000 அனுப்பிவிட்டார். அப்பா பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். நாங்கள் பத்துப் பேர் ரிப்போர்ட் அடித்தும் கணக்கு அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு அவமானமாக இருக்கிறது, அந்தப் பணத்தைத் தானே கொடுத்துவிடுகிறேன் என்கிறார். பேஸ்புக்கில் இருக்கும் படங்களை எல்லாம் எடுத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்த மாணவரைப் பிடியுங்கள். கணக்கை மூடுவது அப்புறம். பணம் போய் ஓர் இரவுதான் ஆகிறது என்பதால் 1930 என்ற எண்ணுக்கு அவர் இப்போதே அழைக்க வேண்டும். அது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் யாருடைய வங்கிக் கணக்கிலிருந்து போனதோ அவரே அழைத்தால்தான் கேட்கிற விவரங்களை உடனுக்குடன் சொல்ல முடியும், உங்கள் அப்பாவோ நீங்களோ அழைத்தால் அவர்களுக்கு வேண்டிய எதுவும் உங்கள் கையில் இருக்காது. ஜிபேயிலோ போன்பேயிலோ அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் UPI transaction ID அல்லது UTR என்று 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அவர் இரண்டு தடவை அனுப்பியிருப்பதால் இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் கொடுக்கச் சொல்லுங்கள். பெரிய தொகைக்கு மட்டும் எண் கொடுத்துவிட்டு வண்டி வாடகையை மறந்துவிடுகிறவர்கள் நிறைய, சில சமயம் அந்த இரண்டாவது பணம் வேறொரு கணக்குக்குப் போயிருக்கும், விசாரிக்கிறவர்களுக்கு அதுவே ஒரு பிடி.

அழைத்த பிறகு ஓர் ஒப்புகை எண் வரும். அதை வைத்து cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரையும் தள்ளிப்போடாமல் பதிவு செய்ய வேண்டும், போனில் சொன்னதோடு நின்றுவிடக் கூடாது. வங்கியிலும் தகவல் சொல்லிவிடச் சொல்லுங்கள். இந்தப் பணம் ஒரே இடத்தில் நிற்காது, வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியே சில நிமிடங்களில் கை மாறிக்கொண்டே போகும். 1930-இல் பதிவானால் அந்தச் சங்கிலியில் இருக்கிற வங்கிகளுக்கு அடுத்தடுத்துத் தகவல் போய், பணம் எந்தக் கணக்கில் மிச்சமிருக்கிறதோ அங்கே நிறுத்தி வைப்பார்கள். ஓர் இரவு கழிந்துவிட்டதால் முழுத் தொகையும் நிற்கும் என்று சொல்ல மாட்டேன், நின்றது கைக்கு வரவும் மாதங்கள் ஆகலாம். ஆனாலும் ‘போனது போனதுதான்’ என்று விட்டுவிடாதீர்கள்.

அப்பா பாஸ்வேர்டை மாற்றியதில் தப்பில்லை, ஆனால் அதனால் இந்தப் போலிக் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. அவர் கணக்கை யாரும் உடைக்கவில்லை, படத்தையும் பெயரையும் நகலெடுத்துப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கைத் தொடங்கியிருக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் செட்டிங்ஸில் Where you're logged in என்ற இடத்தைப் பாருங்கள், தெரியாத போனோ ஊரோ அங்கே இல்லையென்றால் அவருடைய சொந்தக் கணக்கு பத்திரமாகத்தான் இருக்கிறது. ‘என் ஐடி ஹேக் ஆகிவிட்டது’ என்று மட்டும் பதிவு போட்டுவிடாதீர்கள். படிக்கிறவர்கள் அப்பாவின் உண்மையான கணக்கை அன்பிரண்ட் செய்துவிட்டு, புதிதாக வந்த போலியை ‘சாரோட புது ஐடி போல’ என்று சேர்த்துக்கொள்வார்கள். இது நடந்து பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தக் கணக்கு. அப்பா தன் போனில் தேடினால் அது அவருக்குத் தெரியாமல் போகலாம், ஏனென்றால் இவர்கள் முதல் வேலையாக உண்மையான ஆளைத்தான் பிளாக் செய்வார்கள். அதனால் உங்கள் போனிலோ அந்த மாணவர் போனிலோ திறந்து, பெயருக்குக் கீழே மூன்று புள்ளியைத் தொட்டு, சுயவிவர லிங்கை காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் profile.php?id= என்று தொடங்கி நீளமாக ஓர் எண் இருக்கும். இதை ஸ்கிரீன்ஷாட்டை விட முக்கியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கணக்கின் பெயரையும் படத்தையும் நாளைக்கே மாற்றி வேறொரு ஊர் தாசில்தார் ஆக்கிவிடலாம், அந்த எண் மட்டும் மாறாது. லிங்க், முழு உரையாடல், அதிகாரி என்று பேசியவரின் வாட்ஸ்அப் எண், அவர் அனுப்பிய அடையாள அட்டைப் படம், பணம் போன யுபிஐ ஐடி, எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகே ரிப்போர்ட் செய்ய வேண்டும். கணக்கு போய்விட்டால் யார் பேசியது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. வெட்கத்தில் அந்த மாணவர் சாட்டை அழித்துவிடுவார், அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

பத்துப் பேர் அடித்தும் ஏன் போகவில்லை என்றால், ரிப்போர்ட்டின் எண்ணிக்கையைப் பார்த்து பேஸ்புக் முடிவெடுப்பதில்லை. எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது முக்கியம். ஸ்பேம், மோசடி என்று பொதுவாக அழுத்தினால் அந்தக் கணக்கில் போட்டிருக்கிற பதிவுகளைத்தான் பார்ப்பார்கள், அங்கே ஒரு பூங்கொத்துப் படமும் அப்பா கொடியேற்றுகிற படமும்தான் இருக்கும், தவறில்லை என்று பதில் வந்துவிடும். வேறொருவர் போல நடிப்பது என்ற பிரிவில் போய், ‘நண்பர்’ என்பதைத் தேர்ந்து, அப்பாவின் உண்மையான கணக்கைக் காட்டுங்கள். மெனுவின் சொற்கள் அவ்வப்போது மாறும், pretending என்ற சொல் வருகிற இடத்தைப் பிடித்தால் போதும். இதைவிட அப்பா தானே கொடுக்கிற புகாருக்குத்தான் எடை அதிகம். அவர் பிளாக் செய்யப்பட்டிருந்தாலும் பேஸ்புக் உதவி மையத்தில் ஆள்மாறாட்டக் கணக்குக்கென்று தனிப் படிவம் இருக்கிறது, அதில் நீங்கள் எடுத்து வைத்த லிங்கையும் அவருடைய அடையாள அட்டையையும் கொடுத்து அனுப்பலாம்.

இதோடு அப்பாவும் தனியாக ஒரு புகார் கொடுக்க வேண்டும், மாணவர் கொடுத்தது பணத்துக்கு, இது அவருடைய அடையாளத்துக்கு. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரிலோ அதே இணையதளத்திலோ கொடுக்கலாம். அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவிலும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவிலும் வரும். நாளைக்கு வேறு யாராவது ‘உங்கள் பேரைச் சொல்லித்தானே கொடுத்தேன்’ என்று வந்து நின்றால் காட்டுவதற்கும் அந்தப் புகாரின் நகல் உதவும்.

அந்தச் சாமான் கதை இந்தியா முழுக்க ஓடுகிறது, கலெக்டர், எஸ்பி, எம்எல்ஏ என்று படம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஏன் குறிப்பாக இந்தக் கதை? யுபிஐயில் பணம் அனுப்பும்போது வங்கியில் பதிவாகியிருக்கிற பெயர் திரையில் வரும். ‘எனக்கு அவசரம், பணம் அனுப்பு’ என்று உங்கள் அப்பா பெயரில் நேரடியாகக் கேட்டால், திரையில் முன்பின் தெரியாத பெயர் வந்ததும் அனுப்புகிறவர் கை நின்றுவிடும். சாமான் வேறொருவருடையது, அவர் வடநாட்டிலிருந்து வந்த அதிகாரி என்று சொல்லிவிட்டால் அந்தப் பெயர் பொருந்திப்போகிறது. கேட்பது அப்பா, வாங்குவது வேறொருவர். அப்பாவின் முகத்தை நம்பிக்கைக்காக மட்டும் எடுத்துக்கொண்டு, பணம் வாங்கும் இடத்தில் அவரை விலக்கிவிடுகிறார்கள். அதனால்தான் மெசேஞ்சரில் நலம் விசாரித்ததும் ‘உங்கள் மொபைல் நம்பர் கொடுங்கள், நண்பர் பேசுவார்’ என்று பேச்சை வாட்ஸ்அப்புக்குத் தள்ளுகிறார்கள்.

அந்த உரையாடலை வாங்கிப் படித்துப் பாருங்கள். மாணவனை வா போ என்று பேசிப் பழகிய தலைமை ஆசிரியர், ‘வணக்கம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?’ என்று தொடங்கியிருப்பார். நான் பார்த்த ஒன்றில், முப்பது வருடமாக டேய் என்று கூப்பிடுகிறவர் பெயரில் ‘மதிப்பிற்குரிய நண்பரே’ என்று வந்திருந்தது. அனுப்புகிறவனுக்குத் தமிழே தெரிந்திருக்காது, இந்த இடத்தில்தான் அவன் மாட்டுவான்.

படங்களை எடுக்க வேண்டாம். பேரூராட்சித் தலைவர் படம் செய்தித்தாளில் இருக்கும், கல்யாணப் பேனரில் இருக்கும், மாணவர் சங்கத்தின் பக்கத்தில் இருக்கும், நீங்கள் எத்தனையை எடுப்பீர்கள்? படத்தைவிட அவருடைய நண்பர் பட்டியல்தான் இவர்களுக்கு வேண்டும். அது திறந்து கிடந்தால் யாருக்கு மெசேஜ் அனுப்புவது என்று நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி. Settings & privacy போய், நண்பர் பட்டியலை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் Only me என்று வையுங்கள். பதிவுகளுக்குக் கீழே ‘வாழ்த்துகள் ஐயா’ என்று போடுகிறவர்களின் பெயர்கள் அப்புறமும் வெளியே தெரியும், தலைவராக இருக்கிறவர் கருத்துப் பகுதியை மூடவும் முடியாது. அவர்களை அறிவிப்பு வழியாகத்தான் காப்பாற்ற வேண்டும்.

அறிவிப்பை பேஸ்புக்கில் மட்டும் போட்டால் பாதிப் பேருக்குப் போகாது. வார்டு வாட்ஸ்அப் குழுக்கள், பழைய மாணவர் குழு, பேரூராட்சி அலுவலகப் பலகை எல்லாவற்றிலும் போடுங்கள். போலிக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்டைச் சேர்த்தால் குறுக்கே பெரிதாக போலி என்று எழுதிவிட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் பார்வேர்டு ஆகிற வழியில் எச்சரிக்கை வரி உதிர்ந்துபோய்ப் படம் மட்டும் சுற்றும். லிங்கைப் போடாதீர்கள், கோபத்தில் நாலு பேர் போய்த் திட்டுவார்கள், அதில் ஒருவர் தன் நம்பரையும் கொடுத்துவிட்டு வருவார். வாசகம் அப்பாவின் பேச்சிலேயே சுருக்கமாக இருக்கட்டும்: ‘நான் யாரிடமும் மெசேஜில் பணம் கேட்பதில்லை, யார் சாமானையும் விற்றுத் தருவதில்லை. என் பெயரில் வந்தால் உங்களிடம் இருக்கிற என் பழைய நம்பருக்குக் கூப்பிடுங்கள்.’ பழைய நம்பர் என்று அழுத்திச் சொல்ல வேண்டும், மெசேஜில் வந்த நம்பருக்கே கூப்பிட்டுச் சரிபார்த்தேன் என்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக அந்த 15,000. சட்டப்படி உங்கள் அப்பா அதைக் கொடுக்க வேண்டியதில்லை, அவரும் பாதிக்கப்பட்டவர்தான். மனது கேட்காமல் கொடுப்பதாக இருந்தாலும் இன்றைக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கையில் பணம் வந்துவிட்டால் அந்த மாணவர் 1930-க்கு அழைக்க மாட்டார், சாரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிடுவார், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற ஒரே தடயமும் அவர் போனிலேயே கிடந்து போகும். அதற்குப் பதிலாக அப்பாவே அவரைக் கூப்பிட்டு, ‘திட்ட மாட்டேன், போனை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா, சேர்ந்து புகார் கொடுப்போம்’ என்று சொல்லட்டும். அதே மெசேஜ் வந்து ஏமாந்தும் வெளியே சொல்லாத இன்னும் இரண்டு பேர் அந்த வகுப்பில் இருக்கக்கூடும், சாரே கூப்பிடுகிறார் என்று தெரிந்தால் அவர்களும் வருவார்கள்.